வீட்டைத் தூக்கும் ஜாக்கி ஏன் தானாக இறங்குவதில்லை?

சென்னையில் பழைய வீடுகள் பலவற்றின் தரைமட்டம், சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்டது. ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தார் மேல் தார் ஏறி, மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. இதற்காக வீட்டை இடிக்காமல் அப்படியே மூன்றடி, நான்கடி உயர்த்தித் தரும் குழுக்கள் அரியானாவிலிருந்து வந்து, பல ஆண்டுகளாக இங்கே வேலை செய்கின்றன. செய்தித்தாளில் படம் பார்த்திருப்பீர்கள். சுவரின் அடியில் வரிசையாக நூறு, இருநூறு ஜாக்கிகள். ஒவ்வொன்றையும் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறார்கள்.

இந்தப் படத்தைப் பத்தாம் வகுப்பில் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சார், ராத்திரி எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்களே, அப்போ ஜாக்கி இறங்கிடாதா?" விசையின் திருப்புத்திறன் பாடத்தில் இதைவிடச் சிறந்த கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு ஜாக்கியைத் திருப்ப எவ்வளவு திருப்புத்திறன் வேண்டும் என்பதும், கையை விட்டால் அது நிற்குமா என்பதும் ஒரே கணக்கின் இரண்டு முனைகள். அந்தக் கணக்கை எட்டாம் வகுப்பு உராய்வு, ஒன்பதாம் வகுப்புத் திருகு அளவி, பத்தாம் வகுப்புத் திருப்புத்திறன் ஆகிய மூன்றையும் வைத்தே போட்டுவிடலாம். அதை வகுப்பில் எப்படிச் செய்தோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஜாக்கி வேண்டும். பஞ்சர் கடைகளில் இப்போது எண்ணெய் ஜாக்கிதான் அதிகம். பழைய திருகு ஜாக்கி தருமபுரியில் இரும்புக் கடைகளிலும் டிராக்டர் பட்டறைகளிலும் இன்னும் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது தடித்த சதுரப்புரி கொண்ட ஒன்று. அடியில் மணி போன்ற வார்ப்பிரும்பு உடல், அதன் உச்சியில் நட்டு, நட்டுக்குள் ஏறி இறங்கும் திருகு, திருகின் தலையில் கம்பி செருகத் துளை, அதற்கும் மேலே சுமையைத் தாங்கும் கிண்ணம். திருகு சுற்றும்போது கிண்ணம் சுற்றாது. இந்தக் கிண்ணத்தைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது கணக்கில் வரும்.

மாணவர்கள் வெர்னியர் கொண்டு அளந்தார்கள். திருகின் வெளிவிட்டம் 40 மி.மீ., புரியின் பள்ளத்தில் விட்டம் 33 மி.மீ. சுமை புரியின் முகம் முழுவதும் பரவி நிற்பதால் சராசரி விட்டத்தை எடுத்துக்கொள்வதுதான் முறை. அது 36.5 மி.மீ. ஒரு முழுச்சுற்றுக்குத் திருகு ஏறும் உயரம், அதாவது புரியிடைத் தூரம், 7 மி.மீ. இதைத் திருகு அளவியில் செய்வதுபோல ஐந்து சுற்று சுற்றி, ஏறிய உயரத்தை ஐந்தால் வகுத்துக் கண்டார்கள்.

இப்போது ஒரு தாளில் செங்கோண முக்கோணம் வெட்டச் சொன்னேன். அடிப்பக்கம் சராசரி விட்டத்தின் சுற்றளவு, அதாவது 3.14 × 36.5, ஏறத்தாழ 115 மி.மீ. உயரம் 7 மி.மீ. அதே பருமனுள்ள ஒரு குழாயில் இந்த முக்கோணத்தைச் சுற்றினால் அதன் சாய்ந்த விளிம்பு ஒரு புரியாக மாறுகிறது. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் வத்தல்மலைச் சாலையைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. புரி என்பது ஒரு தூணைச் சுற்றிய சாய்தளம். ஜாக்கியைத் திருப்புவது, அந்தச் சாய்தளத்தின் மேல் சுமையைக் கிடைமட்டமாகத் தள்ளி ஏற்றுவது.

சாய்தளத்தின் சரிவு 7 ÷ 115, அதாவது 0.061. நூறு சென்டிமீட்டர் போனால் ஆறு சென்டிமீட்டர் ஏறும் சாலை என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது உராய்வு. ஒரு தட்டையான இரும்புத் தகட்டில் லேசாகக் கிரீஸ் தடவி, அதன்மேல் ஒரு சிறிய இரும்புக் கட்டியை வைத்து, தகட்டின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தினோம். கட்டி எந்தச் சரிவில் நழுவத் தொடங்குகிறதோ அந்தச் சரிவே உராய்வுக் குணகம். பதினொன்றாம் வகுப்பில் இதைச் சறுக்குக் கோணம் என்று படிக்கிறார்கள். கோணமானி கூடத் தேவையில்லை. உயரத்தை அடித்தூரத்தால் வகுத்தால் போதும். எங்கள் கட்டி நூற்றுக்குப் பதினைந்து என்ற சரிவையொட்டி நழுவியது. சில முறை பதின்மூன்று, சில முறை பதினேழு. உராய்வு எப்போதும் இப்படித்தான் ஒரே எண்ணைத் தராது. 0.15 என்று எடுத்துக்கொண்டோம்.

இந்த இரண்டு எண்களும் கையில் வந்தவுடன் மாணவியின் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிட்டது. புரியின் சரிவு நூற்றுக்கு ஆறு. இரும்பின் மேல் இரும்பு நழுவ வேண்டுமானால் நூற்றுக்குப் பதினைந்து சரிவு வேண்டும். ஆகவே சுமை, புரியின் மேல் தானாக நழுவாது. சுமை ஒரு டன்னா பத்து டன்னா என்பது இங்கே பொருட்டே இல்லை என்பதைப் பிள்ளைகள் நம்பச் சற்று நேரமாயிற்று. எடை கூடினால் கீழே இழுக்கும் விசையும் கூடும், பிடித்து நிறுத்தும் உராய்வும் அதே விகிதத்தில் கூடும். இப்படிச் சுமை எவ்வளவானாலும் தானே நிற்கும் திருகைத் தன்பூட்டுத் திருகு என்று சொல்லலாம். நிபந்தனை ஒன்றுதான்: உராய்வுக் குணகம் புரியின் சரிவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

இனி எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற கணக்கு. சுமையைச் சாய்தளத்தில் ஏற்றும்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, சரிவில் ஏற்றுவது. மற்றொன்று, உராய்வை வெல்வது. சரிவை s என்றும் உராய்வுக் குணகத்தை μ என்றும் கொண்டால், W எடையை ஏற்றக் கிடைமட்டமாகக் கொடுக்க வேண்டிய விசை:

P = W × (s + μ) ÷ (1 − s × μ)

மேல்நிலை வகுப்பில் இதையே P = W tan(λ + φ) என்று எழுதுவோம். λ புரியின் கோணம், φ உராய்வுக் கோணம். தளத்தின் செங்குத்து எதிர்விசை நேர்குத்துக்கோட்டிலிருந்து λ சாய்ந்திருக்கிறது. உராய்வையும் சேர்த்த மொத்த எதிர்விசை இன்னும் φ சாய்கிறது. அவ்வளவுதான் நிரூபணம். நம் எண்களுக்கு வகுக்கும் பகுதி 0.99 வருகிறது. பத்தாம் வகுப்பில் அதை ஒன்று என்றே கொண்டு, சரிவையும் உராய்வையும் கூட்டிவிட்டால் போதும்.

இந்த விசை, திருகின் மையத்திலிருந்து சராசரி ஆரம் என்ற தூரத்தில் செயல்படுகிறது. ஆகவே அதை ஆரத்தால் பெருக்கினால் புரிக்குத் தேவையான திருப்புத்திறன் கிடைக்கும்.

சுமை எவ்வளவு? சென்னை வீட்டையே எடுத்துக்கொண்டோம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மூன்று மீட்டர் உயரம். ஒரு கனமீட்டர் செங்கல் கட்டு ஏறத்தாழ 2000 கிலோ என்று கொண்டால், ஒரு மீட்டர் நீளச் சுவர் 1400 கிலோ அளவில் வரும். கூரைத் தளத்தில் அந்தச் சுவரின் பங்கு இன்னொரு 600 கிலோ. ஆக, மீட்டருக்கு இரண்டு டன். இரண்டடிக்கு ஒரு ஜாக்கி வைத்தால் ஒவ்வொன்றின் தலையிலும் சுமார் 1.2 டன், அதாவது ஏறத்தாழ 12,000 நியூட்டன். வீடு முழுவதும் எத்தனை டன் என்று மலைக்க வேண்டாம். ஒருவர் கைக்கு வருவது இந்த 1.2 டன்தான்.

P = 12,000 × 0.213 = 2,556 நியூட்டன். ஆரம் 18.25 மி.மீ., அதாவது 0.01825 மீட்டர். பெருக்கினால் 46.6 நியூட்டன் மீட்டர்.

இதோடு முடியவில்லை. மேலே சுற்றாமல் நிற்கும் கிண்ணத்துக்கும் அதன் அடியில் சுற்றும் திருகின் தலைக்கும் இடையிலும் உராய்வு உண்டு. அங்கே உரசும் வளையத்தின் சராசரி ஆரம் எங்கள் ஜாக்கியில் 18 மி.மீ. 12,000 × 0.15 × 0.018 = 32.4 நியூட்டன் மீட்டர். புரியில் செலவாவதில் மூன்றில் இரண்டு பங்கு இந்தக் கிண்ணத்திலேயே போகிறது. பல பாடநூல் கணக்குகள் இதை விட்டுவிடுகின்றன. விடை பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் பெரும்பாலும் இதுவே.

மொத்தம் 79 நியூட்டன் மீட்டர். கைப்பிடிக் கம்பி 60 செ.மீ. என்றால் அதன் முனையில் 79 ÷ 0.6 = 132 நியூட்டன் விசை வேண்டும். பதின்மூன்றரைக் கிலோவைத் தூக்கும் பலம். ஒரு தொழிலாளி நாள் முழுக்கச் செய்யக்கூடிய வேலை. உராய்வே இல்லை என்று கொண்டு, கம்பியின் முனை சுற்றிவரும் சுற்றளவைப் புரியிடைத் தூரத்தால் வகுக்கும் கணக்கில் 22 நியூட்டன், அதாவது இரண்டேகால் கிலோதான் வரும். உண்மையில் அதைப் போல ஆறு மடங்கு. 'சிறந்த எந்திரம்' என்று சொல்லிவிட்டு அந்தச் சிறிய எண்ணோடு பாடத்தை நிறுத்துவதை நான் விரும்புவதில்லை. ஜாக்கி திருப்பிய எந்தப் பையனும் அதை நம்பமாட்டான்.

சரிபார்க்க வேண்டாமா? ஒரு தடித்த பலகையின் ஒரு முனையைச் செங்கல்லின் மேலும், மறுமுனையை ஜாக்கியின் மேலும் வைத்து, ஜாக்கிக்கு நேர் மேலே 50 கிலோ சிமென்ட் மூட்டை இரண்டை அடுக்கினோம். ஜாக்கி சரிந்தாலும் பலகை விழாதபடி பக்கத்தில் செங்கல் அடுக்கு. பலகைக்கு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது என்பது முதல் விதி. கம்பியின் முனையில் கயிறு கட்டி, மூட்டை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசால் கிடைமட்டமாக இழுத்தோம். கயிறு கம்பிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் தராசு கூடுதலாகக் காட்டும். இந்தத் தவறு தானாக நடக்கும், ஏனெனில் கம்பி நகர நகரக் கோணம் மாறுகிறது. ஒரு மாணவர் கம்பியோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

மெதுவாக ஏற்றும்போது தராசு 1.3 கிலோவையொட்டி நின்றது. எதிர்ப்பக்கம் இழுத்து இறக்கும்போது 0.9 கிலோ. இந்த இரண்டு எண்களில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. ஏற்றும்போது சரிவும் உராய்வும் சேர்ந்து நம்மை எதிர்க்கின்றன. இறக்கும்போது சரிவு நமக்கு உதவுகிறது, உராய்வு மட்டும் எதிர்க்கிறது. ஆகவே இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் உராய்வின் பங்கு: 1.1 கிலோ. கழித்துப் பாதியாக்கினால் தூக்கும் பங்கு: 0.2 கிலோ. உராய்வில்லாத கணக்குப்படி 100 கிலோவுக்குத் தூக்கும் பங்கு 0.19 கிலோ வர வேண்டும். தராசு காட்டியதோடு பொருந்திவிட்டது! உராய்வின் பங்கிலிருந்து திரும்பக் கணக்கிட்டால் குணகம் 0.18 வருகிறது. தகட்டில் கண்ட 0.15-ஐவிடச் சற்றுக் கூடுதல். பழைய ஜாக்கி, புரிக்குள் மண்ணும் காய்ந்த கிரீஸும் இருக்கும்போது அது எதிர்பார்க்கக் கூடியதே.

இறக்குவதற்கும் நாம் இழுக்க வேண்டியிருக்கிறது என்பதே தன்பூட்டுக்குச் சாட்சி. சூத்திரத்தில் அதை இப்படிப் பார்க்கலாம்:

P = W × (μ − s) ÷ (1 + s × μ)

μ பெரிது என்றால் விடை நேர்க்குறி: இறக்க நாம் முயல வேண்டும். s பெரிது என்றால் விடை எதிர்க்குறி: நாம் பிடித்துக்கொள்ளாவிட்டால் சுமையே திருகைச் சுழற்றிக்கொண்டு இறங்கும். வீட்டின் 12,000 நியூட்டனுக்குப் புரியில் மட்டும் 19 நியூட்டன் மீட்டர், கிண்ணத்தையும் சேர்த்தால் 52. அவ்வளவு திருப்பினால்தான் இறங்கும். இரவில் அந்த வீடு இறங்காததற்கு இதுவே காரணம்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஏற்றும்போது நாம் கொடுக்கும் உழைப்பில் சரிவின் பங்கு மட்டுமே வீட்டை உயர்த்துகிறது, உராய்வின் பங்கு வெப்பமாகிவிடுகிறது. தன்பூட்டு வேண்டுமானால் உராய்வு சரிவைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். அப்படியானால் பாதிக்கு மேல் வீணாகியே தீரும். தன்பூட்டுத் திருகின் பயனுறுதிறன் ஒருபோதும் 50 விழுக்காட்டை எட்டாது. எங்கள் ஜாக்கியின் புரியில் கணக்குப்படி 29 விழுக்காடு, கிண்ணத்தையும் சேர்த்தால் 17. 'பயனுறுதிறன் குறைந்த எந்திரம் மோசமான எந்திரம்' என்று எழுதிய ஒரு மாணவனிடம், வீட்டுக்காரர் எதை விரும்புவார் என்று மட்டும் கேட்டேன்.

எண்ணெய் ஜாக்கியோடு ஒப்பிட்டால் இது தெளியும். எண்ணெய் ஜாக்கி கையில் மிக இலகு. ஆனால் அதில் சுமையைத் தாங்குவது அடைபட்ட எண்ணெய். சீல் தேய்ந்தாலோ வால்வில் தூசி சிக்கினாலோ, மெல்ல மெல்ல இறங்கும். பட்டறையில் வண்டியைத் தூக்கியவுடன் அடியில் ஸ்டாண்டு வைப்பது அதனால்தான். வீட்டைத் தூக்கும் இடத்தில் ஒவ்வொரு ஜாக்கியும் நாள்கணக்கில் சுமையோடு நிற்க வேண்டும், அதற்குள் இடையில் செங்கல் கட்டி முடிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரு சுற்று என்றால் 7 மி.மீ., கால் சுற்று என்றால் 1.75 மி.மீ. எல்லாரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருப்பினால் வீடு முழுவதும் ஒரே அளவு ஏறும். ஒரு ஜாக்கி மட்டும் ஒரு சுற்று பின்தங்கினால், அதன் சுமை பக்கத்து ஜாக்கிகளுக்குப் போய்விடும், சுவர் விரிசல் விடும். மூன்றடி உயர்த்தச் சுமார் 130 சுற்று. திருகின் நீளம் அவ்வளவு போதாது என்பதால் இடையிடையே ஜாக்கியை மாற்றி மாற்றி, அடியில் கட்டை வைத்து மேலே கொண்டு போகிறார்கள்.

தன்பூட்டு எப்போது கைவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் அதிகமானால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்பார்கள். குணகம் 0.05 வரை இறங்கிவிட்டால் அது 0.061-ஐவிடச் சிறிது. புரி தன் பிடியை இழந்துவிடும். அப்போதும் கிண்ணத்தின் உராய்வு ஜாக்கியை நிறுத்தி வைக்கலாம், ஆனால் அதை நம்பி யாரும் வடிவமைப்பதில்லை. எண்ணெயைவிட ஏமாற்றக்கூடியது அதிர்வு. நிலையான உராய்வுதான் பிடித்து நிறுத்துகிறது. அருகில் கனரக வண்டி ஓடி, புரியின் முகங்கள் கணநேரம் தளர்ந்தால், ஒவ்வொரு அதிர்விலும் திருகு இம்மியளவு நகரலாம். கண்டுபிடிக்கும் வழி எளிது. திருகின் தலையிலும் உடலிலும் சேர்த்து ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டு, மறுநாள் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் திருகு சுற்றியிருக்கிறது. தேய்ந்த நட்டு வேறு வகை ஆபத்து. அதில் சரிவு மாறாது, தன்பூட்டும் போகாது, ஆனால் மெலிந்த புரி சுமை தாங்காமல் அறுந்துவிடும். சுமையில்லாமல் திருகை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தால் ஆட்டத்திலேயே தேய்மானம் தெரியும்.

வேண்டுமென்றே தன்பூட்டு இல்லாமல் செய்யப்படும் திருகுகளும் உண்டு. தகடு வெட்டும் ஃப்ளை பிரஸ்ஸில் இரண்டு, மூன்று புரிகள் இணையாக ஓடும். எங்கள் ஜாக்கியிலேயே இரண்டு புரி வெட்டியிருந்தால் ஒரு சுற்றுக்கு 14 மி.மீ. ஏறும், சரிவு 0.122 ஆகிவிடும், 0.15-க்கு மிக அருகில். மூன்று புரி என்றால் 0.183. அப்போது கையை விட்டால் புரியால் மட்டும் சுமையைப் பிடித்து நிறுத்த முடியாது. தண்ணீர்க் கேன் மூடியில் எத்தனை புரித் தொடக்கம் என்று எண்ணச் சொன்னால், இந்தக் கருத்தைப் பிள்ளைகள் ஆர்வமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நம் பிள்ளைகள் பலர் படிப்பு முடிந்து ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அங்கே சி.என்.சி. எந்திரங்களில் திருகுக்கும் நட்டுக்கும் இடையே எஃகுக் குண்டுகள் உருள்கின்றன. உரசல் போய் உருளல் வந்துவிட்டதால் குணகம் மிகச் சிறிது, பயனுறுதிறன் 90 விழுக்காட்டையொட்டி வரும். தன்பூட்டு அறவே இல்லை. அதனால் மேலும் கீழும் நகரும் அச்சின் மோட்டாரில் மட்டும் ஒரு பிரேக் வைத்திருப்பார்கள். மின்சாரம் நின்றவுடன் அது கவ்விப் பிடிக்கும், இல்லாவிட்டால் கனமான வெட்டுத்தலை வேலைப்பொருளின் மேல் இறங்கிவிடும்.